கற்களும் முட்களும்: மயங்கும் எழுத்துகளுக்குச் சில சோதனைகள்



ல, ள, ழ; ர, ற; ந, ன, ண. இந்த எட்டு எழுத்துகளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். இவற்றில் எழும் பிழைகளைத் திருத்த நம் வகுப்பறைகளில் வழக்கமாகக் கையாளும் வழி, பொருள் வேறுபாட்டுப் பட்டியலை மனப்பாடம் செய்வது. அலை என்றால் கடல் அலை, அளை என்றால் தயிர் அல்லது புற்று, அழை என்றால் கூப்பிடு. இப்படி நூறு இணைகளைத் தேர்வுக்குப் படிக்கும் மாணவர், தேர்வு முடிந்த மறுவாரம் விடுப்பு விண்ணப்பத்தில் 'கன்டேன்' என்று எழுதுகிறார். அவர் படித்த பட்டியலில் அந்தச் சொல் இல்லை. பட்டியலில் இல்லாத சொல்லுக்கும் விடை தரக்கூடிய சோதனை ஒன்று நம் இலக்கணத்துக்குள்ளேயே இருக்கிறது. புணர்ச்சி என்ற பெயரில் அதைத் தனிப் பாடமாக நடத்துகிறோம். எழுத்துப்பிழை திருத்தும் கருவியாக எடுத்துக் காட்டுவதில்லை. அதை இன்று எடுத்துக் காட்ட விரும்புகிறேன்.

மயக்கம் எங்கே பிறக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். எழுத்தில் வேறாக இருக்கும் ஒலிகள் பேச்சில் ஒன்றாகிவிட்டன. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் 'ஆரு', 'ஆறு' இரண்டும் காதில் ஒன்றாகவே விழுகின்றன. தென்மாவட்டங்களில் பலர் வாழையை 'வாளை' என்பார்கள். வடசென்னையில் பழம் 'பயம்' ஆகும். நகரத்துக்கும் னகரத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லிக் காட்டக்கூடியவர் மிகச் சிலரே. குமரி மாவட்டத்திலும் யாழ்ப்பாணத்திலும் பழைய வேறுபாடுகள் சில இன்னும் நாவில் நிற்கின்றன. மற்ற ஊர்ப் பிள்ளையிடம் 'சரியாக உச்சரி, சரியாக எழுதுவாய்' என்று சொல்வது பாதி உதவிதான். அவன் தாயும் தந்தையும் பேசாத ஒலியை அவன் எங்கிருந்து எடுப்பான்? ஆனால் அவன் நாவில் மறைந்துபோன வேறுபாடு, அவன் அன்றாடம் பேசும் வேறு சொற்களில் பத்திரமாக இருக்கிறது. அதைத் தேடிப் பிடிப்பதே சோதனை.

கல், முள் என்னும் இரண்டு சொற்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் ல், இன்னொன்றில் ள். பன்மையாக்கினால் கற்கள், முட்கள். ல் இருந்த இடத்தில் ற் வந்தது. ள் இருந்த இடத்தில் ட் வந்தது. லகரமும் ளகரமும் மயங்கும் நாவுகூட ற், ட் இரண்டையும் மயக்குவதில்லை. 'கட்கள்' என்று கற்களைச் சொல்பவர் யாருமில்லை. ஆக, முள்ளில் எந்த எழுத்து என்ற ஐயம் வந்தால் முட்களைக் கேட்டால் போதும்.

இது ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் மறக்காது. லகரம் பிறக்கும்போது நாக்கு மேற்பல்லின் அடிப்பக்கத்தை ஒட்டி நிற்கிறது. றகரமும் னகரமும் பிறக்கும் இடம் அதற்கு மிக அருகில். ளகரத்துக்கு நாக்கு இன்னும் மேலே போய் அண்ணத்தைத் தொடுகிறது. டகரமும் ணகரமும் பிறப்பது அந்தப் பக்கம்தான். பின்னால் ஒரு வல்லினம் வந்து முட்டும்போது மெல்லிய ஒலி தன் பக்கத்திலிருக்கும் வல்லொலியாக மாறுகிறது. எனவே ற, ன, ல மூன்றும் ஒரு குடும்பம். ட, ண, ள மூன்றும் இன்னொரு குடும்பம். தொல்காப்பியர் பிறப்பியலில் டகர ணகரங்களைச் சேர்த்துச் சொல்கிறார், றகர னகரங்களைச் சேர்த்துச் சொல்கிறார். நம் நெடுங்கணக்கிலும் ட ண அடுத்தடுத்து நிற்கும், த ந அடுத்தடுத்து நிற்கும், ற ன அடுத்தடுத்து நிற்கும். பழைய ஆசிரியர்கள் 'டண்ணகரம், தந்நகரம், றன்னகரம்' என்று பெயர் சொல்லிக் கொடுத்தது இதனால்தான். மூன்று சுழி, இரண்டு சுழி என்று உருவத்தைச் சொல்வதைவிட இந்தப் பெயர்கள் பயனுள்ளவை: ட-வுக்கு முன் ண், த-வுக்கு முன் ந், ற-வுக்கு முன் ன். மண்டபம், பந்தல், மன்றம். இந்த ஒன்று தெரிந்தால் 'கன்டேன்', 'ஆன்டு', 'தொன்டு' என்னும் பிழைகள் எல்லாம் ஒரே நாளில் போய்விடும்.

இனி முதல் சோதனை. வினைச்சொல்லை இறந்தகாலத்தில் சொல்லிப் பாருங்கள். கொல் என்றால் கொன்றான். கொள் என்றால் கொண்டான். செல், வெல், நில், முயல், அகல் எல்லாம் சென்றான், வென்றான், நின்றான், முயன்றான், அகன்றான் என்று ன்ற் காட்டும். ஆள், உருள், புரள், மிரள், இருள் எல்லாம் ஆண்டான், உருண்டான், புரண்டான், மிரண்டான், இருண்டது என்று ண்ட் காட்டும். சில வினைகளில் ன்ற்-க்குப் பதில் ற்ற், ண்ட்-க்குப் பதில் ட்ட் வரும்: கல், கற்றான், கேள், கேட்டான். குடும்பம் மட்டும் மாறாது. ழகரமோ இரண்டு குடும்பத்திலும் சேராமல் தன் உருவிலேயே நிற்கும்: வாழ்ந்தான், தாழ்ந்தான், சூழ்ந்தான், ஆழ்ந்தான். ஆகவே 'மகில்ந்தான்' என்றோ 'மகிள்ந்தான்' என்றோ ஒரு சொல் தமிழில் இருக்கவே முடியாது. ல் இருந்தால் அது மகின்றான் ஆகியிருக்கும். ள் இருந்தால் மகிண்டான் ஆகியிருக்கும்.

இதே சோதனை ண், ன் இரண்டுக்கும் செல்லும். உண், உண்டான்; தின், தின்றான். எண்பது, என்பது என்ற இணையில் தடுமாறுபவர்கள் பலர். எட்டு என்பதில் ட் இருக்கிறது, ஆகவே எண்பது. என்றான் என்பதில் ற் இருக்கிறது, ஆகவே என்பது. 

வினையாக இல்லாவிட்டால் என்ன செய்வது? இன்னொரு சொல்லோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். உடலின் தோல், தோள் இரண்டும் மயங்கினால் தோற்பாவைக் கூத்தை நினையுங்கள். விலங்கின் தோலில் செய்த பாவை. ற் இருப்பதால் தோல். குரல், குறள் மயங்கினால் குறட்பா. ட் இருப்பதால் குறள். கடற்கரை கடலைக் காட்டும், பாற்கடல் பாலைக் காட்டும், பொருட்காட்சி பொருளைக் காட்டும், ஆட்சி ஆளைக் காட்டும். பொன்னுக்குப் பொற்கொல்லர், மண்ணுக்கு மட்பாண்டம், முன்னுக்கு முற்பகல், பின்னுக்குப் பிற்பகல், கண்ணுக்குக் கட்புலன்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். மாற்றம் எல்லா இடத்திலும் நிகழ்வதில்லை. கால்கள், விரல்கள் என்றுதான் எழுதுகிறோம். பெண்கள், மீன்கள் மாறுவதே இல்லை. மின்கம்பியை யாரும் 'மிற்கம்பி' ஆக்குவதில்லை. மாற்றம் நிகழ்ந்திருந்தால் அது உறுதியான சான்று. நிகழாவிட்டால் அதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. வேறு கூட்டுச் சொல்லைத் தேட வேண்டும். காலுக்குக் காற்சிலம்பு கிடைக்கும். நாள்கள், நாட்கள் இரண்டில் எது சரி என்று ஆண்டுக்கணக்கில் வாதிடுகிறோம். இரண்டையும் ஏற்றுக்கொள்ளலாம் என்பதே என் கருத்து. நாட்குறிப்பு என்ற சொல்லே நாளில் இருப்பது ளகரம் என்று காட்டிவிடுகிறது.

இரண்டாவது சோதனை 'மை' சேர்ப்பது. இது எனக்கு மிகவும் பிடித்தது. கடினமான இணைகளை இதுதான் அவிழ்க்கும். மை மெல்லினத்தில் தொடங்குவதால் இங்கே ல், ன் ஆகும். ள், ண் ஆகும். நல்ல, நன்மை, பல, பன்மை, மேல், மேன்மை. வெள்ளை, வெண்மை, உள்ளது, உண்மை. இப்போது வன்மை, வண்மை என்னும் இணையைப் பாருங்கள். ஒன்று வலிமை, ஒன்று கொடை. எது எது? வல்லவனிடம் இருப்பது வன்மை. வள்ளலிடம் இருப்பது வண்மை. வல்லவனின் ல்ல வன்மையின் ன் ஆனது. வள்ளலின் ள்ள வண்மையின் ண் ஆனது. தன்மை, தண்மை இரண்டும் அப்படியே. தட்பவெப்பத்தில் ட் இருப்பதால் குளிர்ச்சி தண்மை. தற்காப்பில் ற் இருப்பதால் தன் இயல்பு தன்மை.

நீரையும் நூற்றையும் சேர்த்துப் பார்ப்பதும் இதே வகைதான். தண் என்பதோடு நீர் சேர்ந்தால் தண்ணீர். நல் என்பதோடு சேர்ந்தால் நன்னீர். வெம்மையோடு சேர்ந்தால் வெந்நீர். இங்கே முன்னால் ண், ன் குடும்பத்தவர் யாருமில்லை, நீரின் நகரமே இரட்டிக்கிறது. எள்ளின் நெய் எண்ணெய். எண்ணுப் பெயர்களில் மூன்று வகையும் வரும். எட்டின் ட் எண்ணூறு ஆயிற்று. நாலின் ல் நானூறு ஆயிற்று. முந்நூற்றிலும் ஐந்நூற்றிலும் நூற்றின் நகரமே இரட்டித்தது. 'முன்னூறு' என்று எழுதுபவர், மூன்றில் உள்ள ன் அப்படியே வருகிறது என்று எண்ணுகிறார். மூன்று இங்கே மு என்று குறுகிவிட்டது என்பதைச் சொல்லிக் கொடுத்தால் பிழை நின்றுவிடும்.

மூன்றாவதாக, 'சி' சேர்ந்த பெயர்கள். மெய்ப்புப் பார்க்கும் மேசையில் நான் மிகுதியாகக் கண்ட பிழை 'முயற்ச்சி'. அடுத்தது 'பயிற்ச்சி'. வளர்ச்சியிலும் மகிழ்ச்சியிலும் ச்ச இருக்கும்போது முயற்சியில் ஏன் இல்லை என்ற கேள்வி நியாயமானது. ற், ட் இரண்டும் வல்லின மெய்கள். காற்றை முழுவதுமாக அடைத்து நிற்பவை. அவற்றின் பின்னால் இன்னொரு வல்லின மெய் இரட்டித்து நிற்க இடமில்லை. ய், ர், ழ் ஆகியவை காற்றைக் கசிய விடுபவை. ஆகவே அவற்றின் பின்னால் இரட்டிப்பு நிற்கும். முயல், முயற்சி, பயில், பயிற்சி, சுழல், சுழற்சி. ஆள், ஆட்சி, மீள், மீட்சி, காண், காட்சி. தேர், தேர்ச்சி, தளர், தளர்ச்சி, வீழ், வீழ்ச்சி, நிகழ், நிகழ்ச்சி. இந்த வரிசையைக் கரும்பலகையில் எழுதினால் இரண்டு பாடம் ஒன்றாக நடந்துவிடும். 'முயற்ச்சி' திருந்தும். 'நிகள்ச்சி' என்று எழுத வரும் கையும் நிற்கும், ஏனென்றால் ள் இருந்தால் அது நிகட்சி ஆகியிருக்க வேண்டும்.

ர, ற வேறுபாட்டுக்கும் இதிலிருந்தே வழி பிறக்கிறது. றகரம் வல்லினம், டகரத்தின் தோழன். வீடு வீட்டில் என்று ட் இரட்டிப்பதுபோல ஆறு ஆற்றில், சோறு சோற்றில், கிணறு கிணற்றில், வயிறு வயிற்றில் என்று ற் இரட்டிக்கும். ரகரம் எப்போதும் இரட்டிக்காது: தெரு, தெருவில், எரு, எருவில். பெறு என்பதற்குப் பெற்றோர் சான்று. சிறிய என்பதற்குச் சிற்றூரும் சிற்றுண்டியும் சான்று. பெரிய என்பதற்குப் பேரூரும் பேருந்தும் சான்று. ஒரே தெருவில் ஓடும் பேருந்தும் சிற்றுந்தும் ரகரத்தையும் றகரத்தையும் பிரித்துக் காட்டிவிடுகின்றன.

ஒரு வாக்கியத்தை எடுத்து இவற்றைச் செலுத்திப் பார்ப்போம். நான் மெய்ப்பில் கண்ட பிழைகளைச் சேர்த்து அமைத்தது: 'சென்ற ஆன்டு ஏற்பட்ட வரட்சியில் கினறு வற்றியது, வாளைத் தோட்டத்தைக் காப்பாற்ற உழவர் செய்த முயற்ச்சி பயனலிக்கவில்லை.'

ஆறு பிழைகள். ஆன்டு எளிது, ட-வுக்கு முன் ண்தான் நிற்கும். முயற்ச்சியில் ற்-க்குப் பின் இரட்டிப்பு நிற்காது. வரட்சிக்கு வந்தால், அதன் ட் ஒரு ளகரத்திலிருந்து வந்தது, வறள் என்பதிலிருந்து. ஆனால் அந்தச் சோதனை ரகரமா றகரமா என்பதைச் சொல்லாது. உறவுச்சொல் வேண்டும். அது அதே வாக்கியத்தில் ஒரு சொல் தள்ளி நிற்கிறது: வற்றியது. ற் இரட்டித்திருக்கிறது. வற்றல், வற்றுதல், வறட்சி எல்லாம் ஒரே உறவு; எனவே வறட்சி. கிணற்றில் ஐயம் ணகரத்தில். அந்த எழுத்தின் பின்னால் உயிர் ஒட்டியிருப்பதால் புணர்ச்சிச் சோதனை பேசாது. கேணி என்ற சொல்லை நினைவுபடுத்திக்கொண்டால் ணகரம் நிற்கும்.

மீதமிருப்பவை வாழையும் அளித்தலும். இங்கே நம் சோதனைகள் வாய் மூடிவிடுகின்றன. அவற்றின் எல்லையை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். மயங்கும் எழுத்து சொல்லின் ஈற்றில் மெய்யாக நின்றால் சோதனை நன்றாக வேலை செய்யும். சொல்லின் நடுவில் உயிரோடு சேர்ந்து நின்று, உறவுச் சொல்லும் கிடைக்காவிட்டால் நினைவுதான் துணை. மனம், மணம், கரை, கறை, இரை, இறை, விலை, விளை என்று நம் பழைய பட்டியலில் பெரும்பகுதி இந்த வகைதான்.

நினைவு வைப்பதிலும் முறை ஒன்று உண்டு. பிழையாக எழுதவே முடியாத ஒரு சொல்லோடு ஐயமான சொல்லைக் கட்டிவைக்க வேண்டும். ண்ட, ன்ற, ற்ற, ட்ட, ர்த்த, ழ்த்த என்னும் கூட்டுகளில் வேறு எழுத்து நிற்காது என்று பார்த்தோம். அவற்றைக் கொண்ட சொற்களே நல்ல முளைக்குச்சிகள். மண்டபத்தில் திருமணம், மன்றத்தில் மனம் திறந்து பேச்சு. மண்டபத்தில் ண்ட உறுதி, அதனால் மணத்தில் ண உறுதி. மன்றத்தில் ன்ற உறுதி, அதனால் மனத்தில் ன உறுதி. இரையைப் பார்த்துப் புலி பாயும். இறைவனைப் போற்றி அடியார் பாடுவர். கரையில் படகைச் சேர்த்தார்கள், கறையை அகற்றினார்கள். தோட்டத்தில் விளைந்தது, சந்தையில் விற்ற விலை. இந்தக் கடைசியில் தோட்டத்தின் ட்ட ளகரக் குடும்பம், விற்றதன் ற்ற லகரக் குடும்பம். விலையும் விற்பதும் பொருளாலும் ஒட்டி நிற்பவை. இதே முறையில் வாழையை வாழ்த்தோடு கட்டலாம்: வாழ்த்துப் பந்தலில் வாழைமரம். கேட்டால் அளிப்பார் என்பதில் கேட்டதன் ட்ட அளித்தலின் ளகரத்தைக் காக்கும்.

மாணவர்களே இப்படி வாக்கியம் அமைக்கட்டும். ஒன்றை மட்டும் ஆசிரியர் கவனிக்க வேண்டும். கட்டிவைத்த சொல்லே ஐயத்துக்கு இடமானதாக இருக்கக் கூடாது. 'பள்ளியில் ஒளி' என்று ஒரு மாணவர் எழுதினால், பள்ளியின் ள்ள அவருக்கு ஏற்கெனவே உறுதியா என்று கேளுங்கள். பள்ளியை 'பல்லி' என்று எழுதும் பிள்ளைக்கு அந்த வாக்கியம் இரண்டு பிழையாகத் திரும்பி வரும்.

இயக்குநரா, இயக்குனரா என்று இடைவேளையில் ஒருவர் கேட்டார். ஓட்டு, இயக்கு, அனுப்பு, பெறு முதலிய வினைகளோடு 'நர்' சேரும்போது நகரம்: ஓட்டுநர், இயக்குநர், அனுப்புநர், பெறுநர். உறுப்பு, குடும்பம் முதலிய பெயர்களோடு 'இனர்' சேரும்போது னகரம்: உறுப்பினர், குடும்பத்தினர். முன்னால் இகரம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். விடைத்தாளில் 'மிரல்' என்று கண்டால் லகரத்தை அடித்து ளகரம் போட்டுவிடுவது நம் வழக்கம். மாணவர் அந்த ஒரு சொல்லை மட்டும் திருத்திக்கொள்வார். அடிக்காமல், ஓரத்தில் 'மிரண்டான்' என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்துப் பாருங்கள். 'கினற்று' என்று இருந்தால் 'கேணி' என்று எழுதுங்கள். 'முயற்ச்சி' என்று இருந்தால் 'முயல்' என்று எழுதுங்கள். சரியான எழுத்தை அவரே கண்டுபிடித்து எழுதட்டும். சோதனை பேசாத சொற்களுக்கு மட்டும் ஒரு தனிக் குறிப்பேடு போதும். அதில் பட்டியலுக்குப் பதிலாக மாணவர் தாமே அமைத்த வாக்கியங்கள் இருக்கட்டும்.